சுங்கை சிப்புட்டில் கார்டு இருமுறை தேய்க்கப்பட்டால்: கடையில் வாங்க வேண்டிய துண்டுச் சீட்டும் வங்கியில் கேட்க வேண்டிய பணமும்

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில் சேலை, நகை, பலகாரச் சாமான் என்று எதை வாங்கினாலும் இப்போது கார்டு நீட்டலாம். தோட்டப்புறத்திலிருந்து வருகிறவர்கள் கைப்பேசியில் டுயிட்நவ் கியூஆர் ஸ்கேன் செய்கிறார்கள். லண்டனிலிருந்தும் மெல்பர்னிலிருந்தும் வந்திறங்கியவர்கள் தங்கள் ஊர் விசா, மாஸ்டர்கார்டைத் தட்டுகிறார்கள். கடைக்காரர்கள் பொறுமையானவர்கள், கேட்டதை எடுத்துப் போடுகிறார்கள், விலையில் ஏமாற்றுவதில்லை. கூட்டம் மிகுந்த மாலை நேரத்தில் மெஷின்தான் தடுமாறுகிறது. "லைன் இல்லக்கா, இன்னொரு தடவ தட்டுங்க" என்று கல்லாவில் இருக்கும் தம்பி சொன்னால், அங்கே ஒரு நிமிடம் நின்றுவிட வேண்டும். ஒரே பொருளுக்கு இருமுறை பணம் போவது பெரும்பாலும் அந்த இரண்டாவது தட்டலில்தான்.

இதற்குக் காரணம் திருட்டு அல்ல. சிறிய கடைகளின் மெஷின்கள் சிம் கார்டு வைத்து கைப்பேசிக் கோபுரம் வழியாகப் பேசுபவை. உங்கள் வங்கி "சரி" என்று சொன்ன பதில் திரும்பி வருவதற்குள் தொடர்பு அறுந்தால், மெஷின் தோல்வி என்று காட்டும். ஆனால் உங்கள் வங்கியில் பணம் ஏற்கெனவே ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். மெஷின் இதை உணர்ந்து, அடுத்த பரிவர்த்தனைக்கு முன்னால் "முதலில் கேட்டதை ரத்து செய்" என்று ஒரு செய்தி அனுப்ப வேண்டும். அதுவும் பெரும்பாலும் போய்ச் சேர்ந்துவிடும். போகாதபோது, அல்லது கல்லாவில் அந்த மெஷினை விட்டுவிட்டு வேறொரு வங்கியின் மெஷினை எடுத்துத் தரும்போது சிக்கல் தொடங்குகிறது. பல கடைகளில் இரண்டு வங்கிகளின் மெஷின்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் நடந்தது மற்றொன்றுக்குத் தெரியாது.

ஆகவே கைப்பேசியில் இரண்டு பற்று வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, அவை ஒதுக்கீடா பதிவா என்பது. வங்கிச் செயலியில் Pending என்று இருந்தால் பணம் இன்னும் கடைக்குப் போகவில்லை, உங்கள் கணக்கில் கட்டிப்போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். கடை அன்றிரவு கணக்கு முடித்து அனுப்பும் செட்டில்மெண்ட் கட்டில் அந்த வரி இல்லாவிட்டால், சாதாரணமாக ஒரு வாரம் பத்து நாளில் அந்த ஒதுக்கீடு தானாகவே நீங்கிவிடும். உங்கள் வங்கி மூலம் கடையின் வங்கியிடமிருந்து பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் சார்ஜ்பேக். ஒதுக்கீட்டு நிலையில் அதைக் கேட்டால் எந்த வங்கியும் எடுக்காது, எடுக்கவும் முடியாது. வரி Posted என்று மாறிய பிறகுதான் வழக்கு. இதனால் ஒரு குழப்பம் வருகிறது: வங்கி "பத்து நாள் பொறுங்கள்" என்கிறது, பத்து நாளில் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள். வங்கிக்காகப் பொறுக்கலாம். கடையில் சேகரிக்க வேண்டியதை மட்டும் அன்றைக்கே சேகரித்துவிட வேண்டும்.

கடையில் கிடைக்கக்கூடிய முதல் தீர்வு வாய்ட். இரவு செட்டில்மெண்ட் ஓடுவதற்கு முன்னால், அதே மெஷினில், அந்தப் பரிவர்த்தனையின் எண்ணைக் கொடுத்து VOID செய்தால் அந்த வரி கட்டிலிருந்தே நீங்கிவிடும். கட்டணம் இல்லை, நாணய மாற்று நட்டமும் இல்லை. இரண்டு பற்றும் அந்த மெஷினிலேயே நடந்திருந்தால் இது சில நிமிட வேலை. கட்டு அனுப்பிய பிறகு வாய்ட் வேலை செய்யாது. அப்புறம் ரீபண்ட்தான். அதைச் சில கடைகளின் மெஷினிலேயே செய்ய முடியும், சில கடைகள் தங்கள் வங்கிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். ஆகவே மாலை ஐந்து மணிக்கு வாங்கியதை மறுநாள் காலையில் போய்க் கேட்பதைவிட, கடை சாத்துவதற்கு முன் திரும்பிப் போவது பல வாரங்களை மிச்சப்படுத்தும்.

ஆனால் முதல் முயற்சியின் பதில் மெஷினுக்கே வந்து சேரவில்லை என்றால், அதன் பட்டியலில் அந்த வரியே இருக்காது. வாய்ட் செய்ய எதுவும் இல்லை. கல்லாவில் இருப்பவர் "எங்ககிட்ட ஒரு தடவதான் வந்திருக்கு" என்று சொல்வது அப்போது உண்மையாகவே இருக்கும். அவரோடு சண்டை போடுவதில் பயனில்லை. மெஷினில் அன்றைய விவர அறிக்கையை அச்சிடச் சொல்லுங்கள். மெனுவில் Detail Report என்ற பெயரில் இருக்கும். உங்கள் தொகை அதில் ஒரே முறை வந்திருந்தால், மற்றொன்று தானாக நீங்கிப்போகும் ஒதுக்கீடாகவே இருக்க அதிக வாய்ப்பு. மற்ற வாடிக்கையாளர்களின் வரிகளும் அதில் இருப்பதால் கடைக்காரர் முழுத்தாளையும் தரத் தயங்குவார். அது நியாயமான தயக்கம். உங்கள் தொகை வரும் பகுதியை மட்டும் மடித்துப் படமெடுக்கக் கேட்டால் தருவார்.

மெஷினில் ஒட்டியிருக்கும் வங்கியின் கிளைக்குப் போய் முறையிடுவதைப் பலர் செய்கிறார்கள். கோலகங்சாருக்கும் ஈப்போவுக்கும் கூட ஏறிப் போகிறார்கள். கிளை ஊழியர் மரியாதையாகவே கேட்டுக்கொள்வார், ஆனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. அந்த வங்கி கடைக்காரரின் வங்கி. அதற்கு வாடிக்கையாளர் கடைக்காரர், நீங்கள் அல்ல. அந்த வங்கியின் வணிகர் உதவி எண்ணைக் கடைக்காரர் அழைத்தால் மட்டுமே பதில் வரும். நீங்கள் தட்ட வேண்டிய வாசல் உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி ஒன்றுதான்.

ஒரு கணக்கை முழுமையாகப் போட்டுப் பார்ப்போம். இங்கிலாந்து வங்கியின் விசா கார்டு. அக்டோபர் 10, மாலை. சேலைகளும் வேட்டிகளும் சேர்த்து 1,860 வெள்ளி, ஒரே பில். முதல் மெஷினில் தட்டியதும் திரையில் பவுண்டிலா ரிங்கிட்டிலா என்று கேள்வி வருகிறது. கடைப் பையன் பவுண்டை அழுத்திவிடுகிறான். பிறகு தொடர்புக் கோளாறு என்ற செய்தி. இரண்டாவது மெஷினில் ரிங்கிட்டில் தட்டியதும் ரசீது வருகிறது. வீடு திரும்பிச் செயலியைப் பார்த்தால் ஒரு வரி 345.72 பவுண்டு, மற்றொன்று 332.14 பவுண்டு. இரண்டிலும் கடையின் பெயர் கொஞ்சம் வேறு மாதிரி, ஏனென்றால் ஒவ்வொரு வங்கியும் கடையைத் தனித்தனியே பதிவு செய்திருக்கிறது.

இந்த இரண்டு வரியைப் பார்க்கும் வங்கி ஊழியருக்கு இது இரட்டைப் பற்றாகவே தெரியாது. தொகை வேறு, பெயர் வேறு. ஒரு கணினித் தேடலிலும் இது ஜோடியாக அகப்படாது. உண்மையில் இரண்டும் அதே 1,860 வெள்ளிதான். இரண்டாவது, வெள்ளிக்குக் கார்டு நிறுவனத்தின் மாற்று விகிதம், ஒரு பவுண்டுக்கு 5.60 என்று வைத்துக்கொண்டால், 332.14. முதலாவதில் கடைப்பக்கத்து நாணய மாற்றுச் சேவை தன் லாபத்தைச் சேர்த்து 5.38 என்று போட்டிருக்கிறது, ஆகவே 345.72. இதை வங்கிக்குப் புரியவைக்கும் சான்று முதல் மெஷினின் துண்டுச் சீட்டு. பவுண்டு வழியில் போன பரிவர்த்தனைச் சீட்டில் வெள்ளித் தொகையும் பயன்படுத்திய விகிதமும் அச்சாகும். அதில் உள்ள 1,860ஐயும் இரண்டாவது சீட்டில் உள்ள 1,860ஐயும் பில்லின் 1,860ஐயும் அருகருகே வைத்தால் வழக்கு பாதி முடிந்தது. சீட்டே வராத நிலையில், கைப்பேசியில் வந்த அறிவிப்பில் சில வங்கிகள் வெள்ளித் தொகையையும் காட்டும். அந்தத் திரையைப் படமெடுத்து வைக்க வேண்டும். பின்னாளில் வரி பதிவான பிறகு அந்த விவரம் மறைந்துபோவதுண்டு.

சீட்டுகளில் கவனிக்க வேண்டியவை சில மட்டுமே. APPR CODE என்ற ஆறு எழுத்து, எண் வரிசை உங்கள் வங்கி கொடுத்த ஒப்புதல். இரண்டு பற்றிலும் அதே ஒப்புதல் எண் இருந்தால், ஒரே ஒப்புதலைக் கடையின் கட்டு இருமுறை அனுப்பியிருக்கிறது என்று பொருள். இது மிக எளிதில் ஜெயிக்கும் வழக்கு, கடை மறுக்கவே வழியில்லை. எண் வேறு வேறாக இருந்தால் கார்டு உண்மையிலேயே இருமுறை தட்டப்பட்டிருக்கிறது. அப்போது கடை "இரண்டு தனித்தனிக் கொள்முதல்" என்று பதில் சொல்ல இடமிருக்கிறது. TID மெஷினின் அடையாளம், இரண்டு மெஷின் கதையை நிரூபிப்பது அதுதான். மேலே சொன்ன கணக்கில் ஒப்புதல் எண்ணும் வேறு, TIDயும் வேறு. ஆகவே பில் இல்லாமல் இந்த வழக்கு நிற்காது.

பில் என்றால் மெஷின் சீட்டு அல்ல. எத்தனை சேலை, என்ன விலை என்று வரிவரியாக எழுதி, ஒரு வரிசை எண்ணும் நேரமும் கொண்ட கடையின் ரசீது. சுங்கை சிப்புட்டில் சில கடைகள் கணினி பில் தருகின்றன, சில இன்னமும் கார்பன் வைத்த பில் புத்தகத்தில் எழுதித் தருகின்றன. கையால் எழுதியதும் செல்லும், கடை முத்திரையும் எண்ணும் இருந்தால். அதிலேயே கடைக்காரரை ஒரு வரி எழுதச் சொல்வது நல்லது: இந்த ஒரே பில்லுக்குக் கார்டில் இருமுறை பிடிக்கப்பட்டது, இன்ன தேதி, இன்ன தொகை. முதலாளி கல்லாவில் இருக்கும் மாலையில் கேட்டால் பெரும்பாலும் மறுக்கமாட்டார். நீங்கள் ஊர் திரும்பிய பிறகு வாட்ஸாப்பில் கேட்டால் அதே வரி கிடைப்பது கடினம். மெஷின் சீட்டுகள் வெப்பத்தால் எழுத்து தோன்றும் தாளில் அச்சாகின்றன. காரின் முன்பகுதியில் நாள் முழுதும் கிடந்தால் கருத்துவிடும், பையில் கிடந்தால் வெளிறிவிடும். வாங்கிய அன்றே படமெடுத்து மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். அனுப்பிய தேதியும் சான்றாகும்.

இன்னொரு வகை இங்கே அடிக்கடி நடக்கிறது, அதை இரட்டைப் பற்று என்று பலர் நினைப்பதில்லை. கார்டு தோல்வி என்று காட்டியதும் கூட வந்த அத்தையோ மச்சானோ "விடு, நான் போடுறேன்" என்று கைப்பேசியை எடுத்து கியூஆரில் கட்டிவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்துக் கார்டிலும் பற்று பதிவாகிறது. டுயிட்நவ் கியூஆர் கார்டு அல்ல, கணக்கிலிருந்து கணக்குக்குப் போகும் பணம். அதற்குச் சார்ஜ்பேக் கிடையாது. ஆகவே மீட்க வேண்டியது கார்டுப் பக்கத்தைத்தான். கார்டு நிறுவனங்களின் விதிகளில் இதற்குத் தனித் தலைப்பு உண்டு: வேறு வழியில் பணம் கட்டப்பட்டது. விசாவில் இரட்டைப் பற்றின் எண் 12.6.1, வேறு வழியில் கட்டியதன் எண் 12.6.2. மாஸ்டர்கார்டில் இரண்டும் 4834 என்ற ஒரே தலைப்பின் கீழ் வரும். வங்கியிடம் எண்ணைச் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, ஆனால் எந்த வகை என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். சான்றாக அத்தையின் செயலியிலிருந்து பணம் போன ரசீது, குறிப்பெண்ணோடு வேண்டும். அவர் பெயர் வேறாக இருப்பதால், அதே தொகை, அதே கடை, அதே பில், சில நிமிட இடைவெளி என்பதைக் கடிதத்தில் இணைத்துக் காட்ட வேண்டும். கடைக்காரர் பில்லில் "கியூஆரில் கட்டியது" என்று எழுதியிருந்தால் கேள்வியே வராது.

இனி வங்கிக்கு. வரி பதிவான பிறகு செயலியிலோ தொலைபேசியிலோ தகராறு எழுப்பும்போது முதல் கேள்வியே பொறி: "இந்தப் பரிவர்த்தனையை நீங்கள் செய்தீர்களா?" இல்லை என்று சொன்னால் அது மோசடிப் புகாராகப் போகும். உடனே கார்டு முடக்கப்படும், வெளியூரில் கையில் காசில்லாமல் நிற்பீர்கள். புதுக் கார்டு உங்கள் வெளிநாட்டு முகவரிக்குத்தான் போகும். அதோடு வழக்கும் தோற்கும், ஏனென்றால் கார்டு உங்கள் கையிலிருந்தே தட்டப்பட்டது என்று சிப் தரவு காட்டிவிடும். சரியான பதில்: கொள்முதல் என்னுடையது, ஒருமுறை கட்டியது சரி, ஒரே பில்லுக்கு இருமுறை பற்று வைக்கப்பட்டிருக்கிறது.

கடிதம் ஒரு பக்கம் போதும். கடையின் பெயர், ஊர், பில் எண், பில் தொகை வெள்ளியில். பிறகு இரண்டு பற்றுகளின் தேதி, தொகை, ஒப்புதல் எண், ARN. இந்த ARN பதிவான ஒவ்வொரு கார்டு பரிவர்த்தனைக்கும் உள்ள 23 இலக்க எண். செயலியில் பெரும்பாலும் தெரியாது, வங்கியிடம் கேட்டால் சொல்வார்கள். ஒரு வரி செல்லும், மற்றொன்று செல்லாது, எதை நீக்குவது என்பதை விதிப்படி வங்கி முடிவு செய்யட்டும் என்று எழுதலாம். இரண்டையும் மறுத்துவிட்டால் பொருளையும் வைத்துக்கொண்டு பணத்தையும் கேட்பதாக ஆகிவிடும். கடைசியாக, கடையில் கேட்டது எப்போது, யார் என்ன சொன்னார்கள் என்று இரண்டு வரி. தேதி எழுதும்போது மலேசிய நேரம் என்று குறிப்பிடுங்கள். அமெரிக்கக் கார்டானால் இங்கே காலையில் வாங்கியது அங்கே முந்தைய நாளாக விழும், தேதி பொருந்தவில்லை என்று யாராவது திருப்பி அனுப்பலாம்.

காலக்கெடு ஊர் திரும்பிய நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை, கடை வாக்குக் கொடுத்த நாளிலிருந்தும் அல்ல. பரிவர்த்தனை பதிவான நாளிலிருந்து. விசாவில் இந்த வகைக்கு 120 நாள். மாஸ்டர்கார்டில் 90 நாளைக் கடைசி எல்லையாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. நம் கணக்கில் வரி அக்டோபர் 12இல் பதிவானால் 90ஆம் நாள் ஜனவரி 10, 120ஆம் நாள் பிப்ரவரி 9. இது வங்கி கார்டு நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டிய நாள், நீங்கள் வங்கிக்கு அனுப்பும் நாள் அல்ல. வங்கிக்குத் தாளைப் பார்க்கவும் கேள்வி கேட்கவும் நேரம் வேண்டும். அமெரிக்கக் கிரெடிட் கார்டுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு இன்னும் குறுகலானது: அந்தப் பிழை முதலில் வந்த மாத அறிக்கை அனுப்பப்பட்டதிலிருந்து 60 நாளுக்குள் எழுத்தில் புகார் சேர வேண்டும்.

நம் ஆட்கள் தோற்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், சான்று இல்லாமல் அல்ல. தெரிந்த கடை, அப்பா காலத்துப் பழக்கம். "தீபாவளி முடியட்டும், போட்டுவிடுறேன்" என்கிறார் முதலாளி. அப்புறம் கணக்காளர் விடுமுறை, அப்புறம் பொங்கல். அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டியதில்லை, அவருக்கு அது அவசரம் இல்லை, அவ்வளவுதான். கடைக்கு எழுத்தில் பதினான்கு நாள் கொடுங்கள், ரீபண்ட் செய்த சீட்டின் படத்தைக் கேளுங்கள், வராவிட்டால் பதினைந்தாம் நாள் வங்கிக்கு எழுதுங்கள். சார்ஜ்பேக் என்றால் கடைக்காரர் மீது போலீஸ் புகார் என்று இங்கே சிலர் பயப்படுகிறார்கள். அது வங்கிகளுக்கிடையே நடக்கும் கணக்குத் திருத்தம். ஆனால் கடைக்கு அதற்கென்று ஒரு கட்டணம் விழுவதுண்டு. முதலாளிக்கு அதை முன்பே சொல்லிவைப்பது மரியாதை. பல சமயம் அந்த ஒரு சொல்லிலேயே ரீபண்ட் வந்துவிடும்.

வங்கி வழக்கை அனுப்பியதும் சில வங்கிகள் தற்காலிகமாகப் பணத்தைத் திருப்பிப் போடும். அதைச் செலவழிக்காமல் இருப்பது நல்லது. கடையின் வங்கி பதில் சொல்ல ஒரு மாதம் முதல் ஒன்றரை மாதம் வரை ஆகும். பதில் வராவிட்டால் பணம் நிலைக்கும். பதில் வந்தால் அதில் இரண்டு மெஷின் சீட்டுகளின் நகல் இருக்கும், இரண்டும் தனி விற்பனை என்ற வாதத்தோடு. அப்போது உங்கள் வங்கி மறுபடி உங்களிடம் கேட்கும், பதிலுக்குச் சில நாட்களே தரும். அங்கே கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இரண்டு விற்பனை என்றால் இரண்டாவது பில் எங்கே, அதில் என்ன பொருள், எத்தனை? இரண்டு சீட்டிலும் நேரம் மூன்று நிமிட இடைவெளி என்பதைச் சுட்டிக்காட்டுங்கள். மெஷின் சீட்டு பணம் பிடித்ததை நிரூபிக்கும், பொருள் கொடுத்ததை நிரூபிக்காது.

இடையில் கடை தானாக ரீபண்ட் போட்டுவிட்டால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இரண்டு பக்கமும் பணம் வந்தால் ஒன்று திரும்ப எடுக்கப்படும், எதிர்பாராத நாளில். ரீபண்ட் அன்றைய மாற்று விகிதத்தில் வருவதால் சில பவுண்டு குறையலாம் அல்லது கூடலாம். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணம் 2.99 சதவீதம் பிடிக்கும் கார்டானால், 332.14க்கு அது 9.93 பவுண்டு. கடையின் ரீபண்ட்டோடு அது தானாகத் திரும்பாமல் போகலாம். பற்றே தவறு என்பதால் கட்டணமும் தவறு என்று தனியாக எழுதிக் கேட்க வேண்டும்.

வங்கி மறுத்துவிட்டால், இங்கிலாந்தில் அதன் இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள், வங்கிகள் மீதான புகார்களைத் தீர்க்கும் நிதி ஆம்புட்ஸ்மனிடம் போகலாம், கட்டணம் இல்லை. எட்டு வாரமாகியும் இறுதிப் பதில் வராவிட்டாலும் போகலாம். ஊரில் இருக்கும் உறவினரின் மலேசியக் கார்டில் இதே நடந்திருந்தால் பாதை வேறு. உள்ளூர் டெபிட் கார்டு மைடெபிட் என்ற மலேசியாவின் சொந்தக் கார்டுக் கட்டமைப்பு வழியாகப் போயிருக்கலாம், சீட்டிலேயே MyDebit என்று அச்சாகியிருக்கும். கார்டில் விசா சின்னம் இருந்தாலும் அந்தப் பரிவர்த்தனைக்கு விசா விதியும் 120 நாளும் பொருந்தாது. அவர் தன் வங்கியில் உடனே எழுத்தில் புகார் பதிய வேண்டும். வங்கியின் இறுதி முடிவில் திருப்தி இல்லையென்றால், 2025 ஜனவரியிலிருந்து இயங்கும் எப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவைக்கு ஆறு மாதத்துக்குள் கொண்டுபோகலாம். கடையே பணத்தை ஒப்புக்கொண்டும் தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் பதியலாம், 50,000 வெள்ளி வரை, வழக்கறிஞர் இல்லாமலே.